எரிந்த மலையை அளத்தல்

மாத்தளை மாவட்டத்தில் உக்குவளையிலிருந்து கிழக்கே நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகள் கண்ணிற்படும். அம்மலைத்தொடரில் பள்ளங்களிலும் உயர்ந்த முகடுகளிலும் காடு நிற்க, இடையிடையே பத்தனா என வழங்கும் புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் புல் காய்ந்து சருகாகும். அவ்வேளையில் மனிதர் இடும் தீ, அது வேட்டைக்காயினும் மேய்ச்சலுக்காயினும் அசட்டையினாலாயினும், விரைவில் மலையேறிவிடும். தீ அணைந்த பின்னர் இரு கேள்விகள் எழுகின்றன. எரிந்த நிலம் எத்தனை ஏக்கர்? அதில் காடு எவ்வளவு, புல் எவ்வளவு? ஒக்டோபர் மழை தொடங்குமுன் இவற்றுக்கு விடை தெரிந்தால்தான் மண் கரையக்கூடிய சரிவு எதுவென அறியலாம்.

செங்குத்தான மலையில் நடந்து அளப்பது கடினம். ஆகவே செய்மதிப் படங்களின் துணை நாடப்படுகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்ரினல்-2 செய்மதிகள் ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே நிலத்தைப் படம் பிடிக்கின்றன. அவை கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களையும் பதிவு செய்கின்றன. அவற்றுள் இரண்டே இங்கு வேண்டப்படுபவை. சிவப்புக்கு அண்மையிலுள்ள கதிரைப் பச்சிலையின் உட்கலங்கள் மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அதனினும் நீண்ட அலையுடைய கதிரையோ இலையிலுள்ள நீர் விழுங்கிவிடும். காடு எரிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இலை அழிந்தமையால் முன்னது குறையும். நீர் அற்று மண் வெளிப்பட்டமையால் பின்னது கூடும்.

இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே இயல்பாக்கிய எரிவு விகிதம்.

NBR = (NIR − SWIR) / (NIR + SWIR)

வகுப்பது வீணன்று. மலைச்சரிவின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் மங்கிய ஒளியிலும் இருக்கும். வகுத்தலால் அவ்வேறுபாடு பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. தீக்கு முந்திய விகிதத்திலிருந்து பிந்திய விகிதத்தைக் கழித்தால் எரிவின் அளவு கிடைக்கும்.

உதாரணமாக, ஒரு காட்டுத் துண்டு தீக்கு முன் அண்மைக் கதிரில் நூற்றுக்கு 40 பங்கையும் நீள்கதிரில் 10 பங்கையும் திருப்பியனுப்பியது எனக் கொள்வோம். 30ஐ 50ஆல் வகுக்க 0.60 வரும். எரிந்தபின் அவை 15, 25 ஆயின. விகிதம் −0.25. வித்தியாசம் 0.85. அமெரிக்காவில் கீ, பென்சன் என்னும் இருவர் வகுத்த அட்டவணைப்படி 0.66க்கு மேற்பட்டது கடும் எரிவு, 0.10க்குக் குறைந்தது எரியாத நிலம். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனி, பக்கத்திலுள்ள காய்ந்த புல்லைப் பார்ப்போம். அதில் முன்னரே நீர் இல்லை. 25, 20 என்ற அளவுகள் 0.11 என்ற விகிதத்தையே தருகின்றன. எரிந்தபின் கரி இரு கதிர்களையும் விழுங்குவதால் அவை 10, 15 ஆகி, விகிதம் −0.20 ஆகிறது. வித்தியாசம் 0.31 மாத்திரமே. ஒரு புல்லும் மிஞ்சாது எரிந்த நிலத்தை அதே அட்டவணை ‘மிதமான எரிவு’ என்று கூறிவிடும்! அமெரிக்க ஊசியிலைக் காடுகளுக்கு வெட்டிய சட்டை நமது பத்தனாவுக்குப் பொருந்தாததில் வியப்பில்லை.

அதனினும் பெரிய இடர் காலத்தினால் வருவது. ஒரு மழை பெய்தாற் போதும், புல் துளிர்த்துவிடும். இரு கதிர்களும் 20, 20 என்றானால் விகிதம் சுழியம், வித்தியாசம் 0.11. எரிந்த மலை எரியாத மலையாகத் தோற்றும் எல்லை அது. எனவே புல்வெளிக்கு இரண்டாவது படம் தீ அணைந்த சில நாட்களுக்குள் எடுத்ததாக இருத்தல் வேண்டும். அவ்வேளை மேகம் மூடியிருந்தால் அடுத்த படத்துக்குக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மழைநாளும் ஏக்கர்க் கணக்கைக் குறைத்துவிடும்.

மறுபுறம், எரியாததும் எரிந்ததாகத் தோன்றும். பள்ளத்தாக்கில் அறுவடையான வயலும் புதிதாக உழுத நிலமும் விகிதத்தில் அதே வீழ்ச்சியைக் காட்டும். அவற்றை இனங்காண்பது எளிது: வயலின் எல்லை வரம்பைப் போல நேராக நிற்கும், தீயின் வடு சரிவின் மேல்நோக்கி நாக்கு நீட்டியிருக்கும். நில வரைபடத்தோடு ஒப்பிட்டு வயல்களை நீக்கியபின் மிஞ்சிய கட்டங்களை எண்ணவேண்டும். நீள்கதிர்ப் படத்தில் ஒரு கட்டம் 20 மீற்றர் நீளமும் அதே அகலமும் உடையது. பத்துக் கட்டங்கள் ஏறத்தாழ ஓர் ஏக்கர். 350 கட்டங்களாயின் 35 ஏக்கர்.

காடும் புல்லும் எவ்வளவு என்ற இரண்டாம் கேள்விக்கு இன்னொரு படம் வேண்டும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் எடுத்ததைத் தீக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டால் புல்வெளியின் வித்தியாசம் சுழியத்தை அண்மித்திருக்கும். மரங்கள் மாண்ட இடமோ வடுவாகவே நிற்கும். ஆயின் ஆண்டுதோறும் தீ பட்டுக் காட்டின் ஓரம் ஓரிரு மீற்றர் பின்வாங்கிப் புல்லாக மாறுவது 20 மீற்றர்க் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதனை ஓராண்டுப் படம் காட்டாது. பல ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்க்கும்போதும், காட்டோரத்தில் அடையாளக் கல் நட்டு அளக்கும்போதும் மாத்திரமே அது வெளிப்படும்.