எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோனால்: ராபிட்எம்க்யூ அலாரமும் க்யூவைக் காலி செய்யும் முறையும்

இணையத்தில் மளிகை விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு ஒன்பதரை மணிக்கு ஒருவர் ஆர்டர் பட்டனை அழுத்துகிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு என்று எந்தச் செய்தியும் வரவில்லை. சற்று நேரத்தில் லாகின் பக்கமும் திறக்க மறுக்கிறது. டேட்டாபேஸ் நலமாக இருக்கிறது, நெட்வொர்க்கில் குறையில்லை, சர்வர்களின் சிபியு கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது. ஆனாலும் கடை முழுவதும் உறைந்துவிட்டது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் யாரும் பார்க்காத ஓரிடத்தில் இருக்கும். இந்தக் கடையின் புரோகிராம்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. ஆர்டர் வந்ததும் "இந்த ஆர்டருக்குப் பில் அனுப்பு" என்று ஒரு மெசேஜை ராபிட்எம்க்யூ என்ற இடைத்தரகர் சர்வரிடம் கொடுத்துவிட்டு வெப் ஆப் தன் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. மெசேஜ் ஒரு க்யூவில் காத்திருக்கும். ஒர்க்கர் என்ற இன்னொரு புரோகிராம் அதை எடுத்து, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, "முடித்துவிட்டேன்" என்று ஒரு ஒப்புகை கொடுக்கும். அந்த ஒப்புகை வந்த பிறகுதான் ராபிட்எம்க்யூ மெசேஜை அழிக்கும். 2007-இல் வெளிவந்த இந்த மென்பொருள் இன்று உலகெங்கும் இத்தகைய வேலைகளைச் சுமக்கிறது.

நம் கடையில் மாலை ஏழு மணிக்கு மின்னஞ்சல் சேவையின் கடவுச்சொல் காலாவதியாகி ஒர்க்கர் நின்றுவிட்டது. நொடிக்கு 10 ஆர்டர் வருகிறது. ஒவ்வொரு மெசேஜிலும் பில்லின் பிடிஎஃப் கோப்பையே வைத்து அனுப்புகிறார்கள்; அது ஒவ்வொன்றும் 200 கேபி. நொடிக்கு 2 எம்பி வீதம் டிஸ்க் நிரம்புகிறது. காலியாக இருந்த 20 ஜிபியில் 18 ஜிபி நிரம்ப 9,000 நொடி, அதாவது இரண்டரை மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்கு டிஸ்க்கில் மிச்சம் 2 ஜிபி. அதுதான் இவர்கள் வைத்திருந்த குறைந்தபட்ச எல்லை. அந்தக் கணமே அலாரம் அடிக்கிறது.

ராபிட்எம்க்யூ இரண்டு எல்லைகளைக் கண்காணிக்கிறது. ஒன்று மெமரி: பழைய பதிப்புகளில் மொத்த ரேமில் 40 சதவீதமும், 4.0 முதல் 60 சதவீதமும் இயல்பான எல்லை. மற்றது டிஸ்க்கில் மிஞ்சியிருக்கும் இடம்: இதற்கு இயல்பாக இருப்பது வெறும் 50 எம்பி, நிஜப் பயன்பாட்டுக்கு அது போதவே போதாது. இரண்டில் எது மீறப்பட்டாலும் புதிய மெசேஜ் வாங்குவது நிறுத்தப்படும். ஏற்கெனவே வாங்கி வைத்த மெசேஜ்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு.

பலர் அறியாதது இதன் வீச்சு. நம் கடையில் மூன்று சர்வர்கள் ஒரு கிளஸ்டராக இயங்குகின்றன. பில் க்யூ இரண்டாவது சர்வரில் மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டின் டிஸ்க்கும் காலி. ஆனாலும் ஒரு சர்வரில் அலாரம் அடித்தால் மூன்றிலும் மெசேஜ் அனுப்பும் இணைப்புகள் அனைத்தும் நிறுத்தப்படும். எந்த க்யூ நிரம்பியது, யார் நிரப்பினார்கள் என்று ராபிட்எம்க்யூ பார்ப்பதில்லை. லாகின் ஆனதும் ஒரு சிறு பதிவு மெசேஜ் அனுப்பும் பக்கமும் அதனால்தான் விழுந்தது.

பிழைச் செய்தி ஏன் வரவில்லை என்பதற்கும் விடை இங்கேதான். அலாரம் அடித்ததும் ராபிட்எம்க்யூ இணைப்பைத் துண்டிப்பதில்லை. அதிலிருந்து படிப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அனுப்பிய பைட்டுகள் நெட்வொர்க் பஃபரில் தேங்கி, பஃபர் நிறைந்ததும் வெப் ஆப்பின் அனுப்பும் வரி திரும்பாமல் நிற்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோரிக்கையும் ஒரு த்ரெட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள, கடைசியில் த்ரெட்டே மிஞ்சுவதில்லை. "உன்னை நிறுத்தியிருக்கிறேன்" என்று `connection.blocked` என்ற அறிவிப்பை ராபிட்எம்க்யூ அனுப்பத்தான் செய்கிறது. அதைக் கேட்கும்படி எழுதப்பட்ட ஆப்கள் குறைவு. பைத்தானின் `pika` நூலகத்தில் `blocked_connection_timeout` என்ற அமைப்பு இருந்தும், நாமாக ஒரு மதிப்பு கொடுக்காதவரை அது முடிவில்லாமல் காத்திருக்கும்.

சந்தேகம் வந்தால் மூன்று கட்டளைகள் போதும்:

```
rabbitmq-diagnostics alarms
rabbitmqctl list_connections name state
rabbitmqctl list_queues name messages_ready messages_unacknowledged consumers
```

முதலாவது எந்த சர்வரில் எந்த அலாரம் என்று சொல்லும். இரண்டாவதில் `blocked` என்றும் `blocking` என்றும் நிலை தெரிந்தால் அலாரத்தின் வேலை. `flow` என்று தெரிந்தால் அது வேறு. வேகமாக அனுப்பும் இணைப்பைச் சற்று மெதுவாக்கும் தற்காலிக ஏற்பாடு, அதற்குப் பதற வேண்டாம். மூன்றாவதில் நம் பில் க்யூ 90,000 மெசேஜோடு பளிச்சென்று தெரியும். எடுக்க ஆளில்லை என்பதை `consumers` பத்தியின் பூஜ்யம் காட்டும்.

கடவுச்சொல்லைப் புதுப்பித்து ஒர்க்கரை எழுப்பிவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எழுப்பினார்கள். சில மின்னஞ்சல்கள் போயின. பிறகு ஒர்க்கரும் உறைந்துவிட்டது. காத்திருப்பவை 89,980, ஒப்புகை வராதவை 20 என்று எண்கள் அசையாமல் நிற்கின்றன. ஒர்க்கர் ஒரே சமயத்தில் 20 மெசேஜ்தான் கையில் வைத்துக்கொள்ளும் என்று அமைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் அனுபவசாலிகளும் மணிக்கணக்கில் திணறுகிறார்கள். இந்த ஒர்க்கர் மின்னஞ்சல் அனுப்பியதும் "பில் போய்விட்டது" என்று இன்னொரு க்யூவுக்கு ஒரு மெசேஜ் போடுகிறது, அதன் பிறகே ஒப்புகை கொடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே இணைப்பு. வெறுமனே மெசேஜ் எடுக்கும் இணைப்பை ராபிட்எம்க்யூ அலாரத்தின்போதும் தடுப்பதில்லை. ஆனால் அதே இணைப்பு ஒரு மெசேஜைப் போட முயன்றதும் அதிலிருந்து படிப்பது முழுவதும் நின்றுவிடுகிறது. ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய சந்தில் முன்னால் லாரி நின்றுவிட்டால் பின்னால் வரும் சைக்கிளும் போக முடியாதல்லவா, ஒப்புகையின் கதியும் அதுதான். ஒப்புகை வராததால் மெசேஜ் அழியாது. மெசேஜ் அழியாததால் டிஸ்க் இறங்காது. டிஸ்க் இறங்காததால் அலாரம் விலகாது. இணைப்பைப் பிரித்துவிட்டால் மட்டும் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "போட்ட மெசேஜ் சேர்ந்தது" என்ற உறுதி வந்த பிறகே ஒப்புகை கொடுக்கும் ஒர்க்கர் தனி இணைப்பு இருந்தாலும் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

இந்த முடிச்சில் மாட்டியவர்கள் அவசரத்தில் செய்யும் சில காரியங்கள் நஷ்டத்தைப் பெருக்கிவிடும். ஒர்க்கரை மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்தால், மின்னஞ்சல் போய் ஒப்புகை சேராத அந்த 20 மெசேஜும் க்யூவுக்குத் திரும்பி வரும். ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே பில் மூன்று நான்கு முறை போகும். ராபிட்எம்க்யூவையே ரீஸ்டார்ட் செய்தாலும் டிஸ்க்கில் இடம் கூடுவதில்லை, அலாரம் உடனே திரும்பி அடிக்கும். டிஸ்க்கில் நிலையாக எழுதச் சொல்லாத மெசேஜ்கள் இருந்தால் அவையும் போய்விடும். அதன் டேட்டா கோப்புகளைக் கையால் அழிப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. க்யூவின் நீளத்துக்கு `max-length` வரம்பு வைக்கும் பாலிசியும் அப்போது ஆபத்தானது. அதன் இயல்பான நடத்தையில், வரம்புக்கு மேலுள்ள மெசேஜ்கள் பழையதிலிருந்து தொடங்கி அழிக்கப்படும். வேறு க்யூவுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இல்லையென்றால் அவை திரும்பி வராது.

க்யூவை முழுவதும் அழிக்கும் `purge_queue` எப்போதுமே தவறு என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஆர்டரும் டேட்டாபேஸில் இருந்து, எந்தப் பில் போகவில்லை என்று அங்கிருந்தே கண்டுபிடித்து மறுபடி உருவாக்க முடியுமானால் அது நேர்மையான வழி. அந்தக் கேள்விக்கு உறுதியான விடை கிடைப்பதற்கு முன் கை வைக்கக் கூடாது.

நம் கடைக்குப் பாதுகாப்பான வழி இது. முதலில் நிரப்புவதை நிறுத்த வேண்டும்: வெப் ஆப்பில் பில் மெசேஜ் போடும் பகுதியை மட்டும் அணைத்து, அந்த ஆர்டர் எண்களை டேட்டாபேஸில் ஒரு டேபிளில் எழுதிவைக்கச் செய்கிறார்கள். உறைந்து நிற்கும் பழைய வெப் புரோசஸ்கள் இந்த மாற்றத்தோடு புதிதாகத் தொடங்கப்படுகின்றன. அடுத்து ஒர்க்கரில் இரண்டு மாற்றங்கள். "பில் போய்விட்டது" என்ற மெசேஜைப் போடாமல் அதையும் டேபிளில் எழுதுகிறது. மின்னஞ்சல் அனுப்பும் முன் அந்த ஆர்டர் எண் டேபிளில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒப்புகை மட்டும் கொடுக்கிறது. முதலில் மாட்டிய 20 ஆர்டர்களை மின்னஞ்சல் சேவையின் பதிவைப் பார்த்து முன்கூட்டியே சேர்த்துவிட்டால் அவற்றுக்கும் இரட்டைப் பில் போகாது. இப்போது ஒர்க்கர் எடுப்பவனாக மட்டுமே இருக்கிறது. அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே க்யூ இறங்கத் தொடங்குகிறது.

ஒர்க்கரை மாற்ற நேரமில்லை என்றால் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம். அதுவும் இயலாதபோது எல்லையைத் தற்காலிகமாகத் தாழ்த்தி மூச்சுவிட இடம் கொடுக்கலாம்:

```
rabbitmqctl -n rabbit@node2 set_disk_free_limit 1GB
```

நிரப்புபவர்களை நிறுத்திய பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த 1 ஜிபியும் எட்டு நிமிடத்தில் நிறைந்து, உண்மையிலேயே இடமற்ற டிஸ்க்குக்கு நெருங்கிவிடுவோம். இந்த மாற்றம் ராபிட்எம்க்யூ ரீஸ்டார்ட் ஆனால் நிலைக்காது. மெசேஜ்களை ஷவல் என்ற பிளக்இன் மூலம் வேறிடத்துக்கு நகர்த்துவதும் உண்டு. ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு கிளஸ்டராக இருக்க வேண்டும். அதே கிளஸ்டருக்குள் நகர்த்தினால் அதுவும் ஒரு மெசேஜ் போடும் இணைப்பாகி நின்றுவிடும்.

மின்னஞ்சல் சேவை நொடிக்கு 25 அனுமதிக்கிறது. 90,000 மெசேஜ் தீர ஒரு மணி நேரம் ஆகும். அலாரமோ சில நொடிகளிலேயே விலகிவிடும், ஏனென்றால் காலி இடம் 2 ஜிபியை ஒரு துளி தாண்டினாலே போதும். இதை நம்பிப் பில் மெசேஜைத் திறந்துவிட்டால் தேங்கியதெல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்து அலாரம் மறுபடி அடிக்கும், விலகும், அடிக்கும். க்யூ பாதிக்குக் கீழே இறங்கும்வரை அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது. பிறகு திறந்தாலும் நொடிக்கு 10 வந்து 25 போவதால் நிகரமாக 15 வீதம் இறங்கும். டேபிளில் சேர்ந்த ஆர்டர்களைக் கடைசியில் சிறிது சிறிதாகப் போடலாம்.

மறுநாள் செய்ய வேண்டிய முதல் வேலை பிடிஎஃப் கோப்பை மெசேஜிலிருந்து எடுப்பது. ஆர்டர் எண் மட்டும் இருந்தால் ஒரு கேபிகூட வராது. அதே 18 ஜிபி நிரம்ப இரண்டரை மணி நேரம் என்பது இருபது நாளுக்கு மேல் நீளும். அடுத்தது, போடுவதற்கும் எடுப்பதற்கும் தனித்தனி இணைப்பு. மூன்றாவது, க்யூவுக்கு `max-length` வைத்து அதோடு `overflow` மதிப்பை `reject-publish` என்று மாற்றுவது. அப்போது நிறைந்த க்யூ பழையதை அழிக்காமல் புதியதை மறுக்கும். சேர்ந்ததற்கான உறுதி கேட்டு அனுப்பினால் மறுப்பு அனுப்பியவருக்குத் தெரியும். ஒரு க்யூவின் சிக்கல் அந்த க்யூவோடு நிற்கும்.

இதையெல்லாம் சோதனைச் சர்வரில் ஒத்திகை பார்க்க டிஸ்க்கை நிரப்பத் தேவையில்லை. மெமரி எல்லையைப் பூஜ்யமாக்கினால் அலாரம் அப்போதே அடிக்கும்:

```
rabbitmqctl set_vm_memory_high_watermark 0
rabbitmqctl set_vm_memory_high_watermark 0.6
```

முதல் வரியைக் கொடுத்துவிட்டு ஆர்டர் பக்கத்தையும் லாகினையும் திறந்து பாருங்கள். அவை சில நொடிகளில் தெளிவான பதிலோடு திரும்புகின்றனவா, ஒர்க்கர் தொடர்ந்து க்யூவைக் குறைக்கிறதா என்று கவனியுங்கள். பார்த்து முடித்ததும் இரண்டாவது வரியைக் கொடுத்து எல்லையைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.