படத்தில் ஒளிந்திருக்கும் 23 அடி

பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் பாதையில், மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது மீனாட்சிபுரம். இங்கே வீடு கட்டுகிறவர் பைப் வாங்க பொள்ளாச்சி வரை போனால், ஒரு எல்போ குறைந்தாலும் வண்டிச் செலவோடு கொத்தனாரின் அரைநாள் கூலியும் போகும். குறை பெரும்பாலும் பைப் படத்தில் இருப்பதில்லை, படத்தைப் படித்த விதத்தில்தான் இருக்கிறது.

மேலிருந்து பார்த்து வரைந்த பிளானில் செங்குத்தாக ஓடும் பைப் வெறும் வட்டமாகத்தான் தெரியும். பொதுவான வழக்கப்படி, வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் பைப் நம்மை நோக்கி மேலே ஏறுகிறது. கோடு வட்டத்தின் நடுவரை ஓடினால் கீழே இறங்குகிறது. எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை அந்த வட்டம் சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஐசோமெட்ரிக் படம். 1822-இல் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஃபாரிஷ் இந்த முறையை விளக்கி எழுதினார். செங்குத்துப் பைப் செங்குத்துக் கோடாகவே நிற்கும். கிடைமட்டமாக ஓடுபவை இடமும் வலமும் 30 டிகிரி சாய்ந்திருக்கும். பைப் படத்தை அளவுக்கு வரையாமல் விடுவதும் உண்டு. ஆகவே ஸ்கேல் வைத்து அளக்காமல், எழுதியிருக்கும் எண்ணையே எடுக்க வேண்டும்.

ஒரு குளியலறையின் குளிர்நீர் லைனைப் பார்ப்போம். டேங்கின் வாய், தரையிலிருந்து 14 அடி உயரம். அங்கிருந்து முக்கால் இன்ச் சிபிவிசி பைப் 2 அடி போய், 7 அடி இறங்குகிறது. பிறகு சுவரில் 3 அடி ஓடி ஒரு டீ. அதிலிருந்து வாஷ்பேசினுக்கு 5 அடி இறக்கம். இன்னும் 2 அடியில் சுவர் மூலை. அதைத் தாண்டி 2 அடியில் அடுத்த டீ, கழிப்பறைத் தொட்டிக்கு 6 அடி இறக்கம். கடைசி 3 அடி ஓடிக் குழாய்க்கு 5 அடி இறங்குகிறது. மூன்று இறக்கமும் அரை இன்ச்.

பிளானை மட்டும் அளந்தால் 12 அடிதான் கிடைக்கும். ஐசோமெட்ரிக்கில் 35 அடி: முக்கால் இன்ச் 19, அரை இன்ச் 16. மிச்சம் 23 அடி முழுக்க இறக்கங்கள். எல்போவும் அப்படித்தான். பிளானில் கண்ணில் படும் வளைவு சுவர் மூலை ஒன்றுதான். ஐசோமெட்ரிக்கில் டேங்கிலிருந்து கோட்டைப் பென்சிலால் தொடர்ந்தால், இறக்கத்தின் மேலும் கீழும் ஒவ்வொன்றும் மூலையில் ஒன்றுமாக முக்கால் இன்ச் எல்போ 3 வருகிறது. கடைசி வளைவில் முக்கால் அரையாகக் குறைவதால் அங்கே ரெட்யூசிங் எல்போ 1. இறக்கங்களின் அடியில் குழாய் மாட்ட, உள்மரை உள்ள அரை இன்ச் பிராஸ் எல்போ 3.

டீ 2. இதை எழுதும்போது வரிசை முக்கியம்: நேராக ஓடும் இரு வாய்களின் அளவு முதலில், கிளையின் அளவு கடைசியில். 3/4 × 3/4 × 1/2 என்று எழுதினால்தான் சரியான டீ கைக்கு வரும். நுனியோடு நுனி தொடும் இரு முக்கோணங்கள் வால்வைக் குறிக்கும். இங்கே டேங்கடியில் பால் வால்வு 1. அதோடு யூனியன் 1, டேங்க் கனெக்டர் 1.

இனி பைப். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 3 மீட்டர் நீளம், 9 அடி 10 இன்ச். அரை இன்ச்சுக்கு 16 அடிதானே, இரண்டு போதும் என்று தோன்றும். வெட்டிப் பாருங்கள். முதல் பைப்பில் 6 அடித் துண்டு போனால் மிச்சம் சுமார் 3 அடி 10 இன்ச். அது எந்த 5 அடி இறக்கத்துக்கும் எட்டாது. இரண்டாவது பைப்பில் ஒரு 5 அடி போனால், அடுத்ததற்கு மயிரிழையில் நிற்கும். படத்தில் எழுதியிருப்பது ஃபிட்டிங்கின் நடுவிலிருந்து நடுவுக்கான அளவு; ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய அரை இன்ச் ஃபிட்டிங்குக்குப் போகும். அதைக் கழித்தாலும் இரண்டு துண்டும் சேர்ந்து 9 அடி 10 இன்ச். வெட்டி ஓரம் சீவக்கூட இடமில்லை. மூன்றாவது பைப் வேண்டும். அல்லது 5 மீட்டர் நீளம் கிடைத்தால் ஒன்றே போதும். கப்ளர் போட்டு ஒட்டலாம் என்பார்கள். சுவருக்குள் புதையும் இறக்கத்தில் தேவையில்லாத ஜாயின்ட் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

முக்கால் இன்ச்சும் இதே கதைதான். 2, 7 அடித் துண்டுகள் ஒரு பைப்பில் அடங்கும். மிச்ச 3, 2, 2, 3 அடிகள், ஃபிட்டிங் அளவைக் கழித்தால் இன்னொன்றில் நெருக்கி அடங்கும். ஒரு வெட்டு தவறினால் அடங்காது. அதனால் பட்டியலில் 3 என்றே எழுதுவேன்.

எண்ணி முடித்ததும் ஒரு சோதனை. ஒரே ஊற்றிலிருந்து கிளைபிரியும் லைனில், மூன்று வாயுள்ள டீக்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் குழாய் முனைகளின் எண்ணிக்கை வர வேண்டும். இங்கே 2 + 1 = 3, சரி. வராவிட்டால் ஒரு கிளை விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு டீயை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். எண்ணிய ஒவ்வொன்றையும் படத்தில் பென்சிலால் டிக் போட்டால் இரண்டாவது தவறு நேராது.

படத்தில் வராதவையும் பட்டியலில் ஏற வேண்டும்: சிபிவிசி சொல்யூஷன், டெஃப்லான் டேப், டேங்கிலிருந்து இறங்கும் பைப்பைப் பிடிக்க கிளாம்ப். பூச்சுக்கு முன் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க, மூன்று முனைகளுக்கும் அரை இன்ச் டெஸ்ட் பிளக் 3.