ஜனவரியிலிருந்து பின்னோக்கி

சென்னையில் 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சிதான் பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்களுக்கு ஆண்டின் மையம். பொங்கலை ஒட்டி வரும் அந்த நாட்களில் புத்தகம் கடையில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறவரும் விரும்புவார். ஆனால் கணக்கை முதல் அத்தியாயத்திலிருந்து முன்னோக்கிப் போடுகிறவருக்குத் தேதி தவறிவிடுகிறது. பதிப்புத் துறையில் பழகியவர்கள் ஜனவரியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் ஊர் ஏரிகளின் வரலாற்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஐயாயிரம் சொல். டெமி அளவில் பக்கத்துக்குச் சுமார் 220 சொல் என்றால், முன்பக்கங்களும் படங்களும் சேர்ந்து 240 பக்கம் வரும்.

டிசம்பர் 20-இல் புத்தகம் கைக்கு வர வேண்டுமென்றால் நவம்பர் 20-இல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு மாதமா என்று தோன்றலாம். அது நாட்காட்டியும் டைரியும் அச்சாகும் காலம்; சிவகாசி இயந்திரங்களுக்கு ஓய்வே இருக்காது. தீபாவளி விடுமுறையும் அதற்குச் சற்று முன்னால்தான் வரும்.

அதற்கு முந்தைய ஆறு வாரங்கள் பக்க வடிவமைப்புக்கும் மூன்று புரூஃபுக்கும். அக்டோபர் 10-க்குள் பதிப்பாசிரியர் செம்மைப்படுத்திய பிரதி தயாராக இருக்க வேண்டும். அவருக்கு நான்கு வாரம். அதற்கு முன் ஆசிரியை திருத்தி எழுத நான்கு வாரம், வெளியார் படித்துக் கருத்துச் சொல்ல நான்கு வாரம். இப்படி எண்ணி வந்தால் கடைசி அத்தியாயம் ஜூலை நடுவில் முடிய வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 500 சொல் என்றால் அத்தியாயத்துக்கு இரண்டு வாரம். பத்துக்கு இருபது வாரம். காய்ச்சல், கல்யாணம், ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத கோப்பு ஆகியவற்றுக்கு நான்கு வாரம் கூட்டினால், பிப்ரவரி முதல் வாரத்தில் பேனாவைத் திறக்க வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் வாரவாரியாகக் கோடிட்ட நாட்குறிப்பில் அன்றன்று எழுதிய பக்கங்களைக் குறித்துவைத்தார். பக்கத்துக்கு 250 சொல் என்று வரையறுத்துச் சொல்லையும் எண்ணினார். "பாதி முடிந்தது" என்ற நினைப்பு ஏமாற்றும், எண் ஏமாற்றாது.

பத்தையும் முடித்த பிறகுதான் பிறரிடம் காட்டுவேன் என்பது பெரிய தவறு. மூன்றாவது அத்தியாயம் முடிந்ததுமே ஒருவர் படிக்க வேண்டும். மதகுக்கும் கலிங்குக்கும் வேறுபாடு தெரியாமல் வாசகர் திணறுகிறார் என்று அப்போதே தெரிந்தால் மூன்று அத்தியாயங்களைத்தான் திருத்த வேண்டும். முழுப் பிரதியை இருவரிடம் தரலாம்: நீர்ப்பாசனம் அறிந்த ஒருவர், அறியாத ஒருவர். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எங்கே படிப்பதை நிறுத்தினீர்கள், எதை நம்ப முடியவில்லை என்று கேட்க வேண்டும், திருப்பித் தரும் தேதியையும் சொல்லி.

இத்தனை ஒழுங்கும் புரூஃப் நிலையில்தான் உடைகிறது. யுனிகோடில் எழுதியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள் சிதையும். துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்திருந்தால் தாளில் கண்ணுக்கே தெரியாது. மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடும்போதுதான் அகப்படாமல் போகும். முதல் புரூஃபில் இவற்றைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, சொன்ன திருத்தங்கள் ஏறினவா என்று பார்க்க. மூன்றாவதில் பக்க எண், தலைப்பு, படக்குறிப்பு மட்டும்.

ஆனால் அச்சில் தன் எழுத்தைப் பார்த்ததும் ஆசிரியைக்கு ஒரு பத்தி சேர்க்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. அத்தியாயங்கள் வலப்பக்கத்தில் தொடங்குவதால், நான்கு வரி வழிந்தாலே இரண்டு பக்கம் கூடிவிடலாம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 240 பக்கம் சரியாகப் பதினைந்து ஃபாரம். 242 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு அரை ஃபாரமாவது சேர்க்க வேண்டும், அல்லது எதையாவது வெட்ட வேண்டும். ஊர்ப்பெயர்களின் அடைவில் பக்க எண்களெல்லாம் தப்பாகிவிடும். ஆகவே இரண்டாவது புரூஃபுக்குப் பிறகு புதிய வாக்கியம் இல்லை என்று முன்பே பேசி வைப்பது நல்லது. அடைவையும் பக்கங்கள் உறுதியான பின்பே தயாரிக்க வேண்டும்.

நவம்பர் 20 தவறினால் சில பதிப்பகங்கள் காட்சிக்கென நூறு பிரதியை டிஜிட்டல் முறையில் அச்சிட்டுக்கொள்கின்றன. பிரதிக்கு விலை கூடுதல்தான். ஆனால் காட்சியில் வாங்கிய வாசகர் ஏரியின் பெயர் தவறு என்று சுட்டினால், பிப்ரவரியில் ஆப்செட்டில் ஆயிரம் அடிக்கும் முன் அதைத் திருத்திவிடலாம்.