மூன்று வீட்டில் ஒரு தெரு

மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டைத் தொலைத்த பாட்டி ஒருத்தி, பொழுது சாயும் நேரத்தில் தெருவெல்லாம் தேடி அலைகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் அவள் நடக்க ஒரு ஊர் வேண்டுமே! படத்தைக் கணினியில் முப்பரிமாணமாகச் செய்பவர் ஒரே ஆள். கையில் இருப்பது பிளெண்டர் என்ற இலவச மென்பொருள். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் கட்டினால் பாட்டி தெருவுக்கு வருவதற்குள் ஆர்வம் வற்றிவிடும்.

இதற்குக் கைகொடுப்பது ‘லோ-பாலி’ பாணி. முப்பரிமாணப் பொருள் எதுவாக இருந்தாலும் சின்னச் சின்னத் தட்டைப் பரப்புகளால் ஆனதுதான். அவற்றைப் பாலிகன் என்பார்கள். லோ-பாலியில் அவை குறைவு. பட்டை தீட்டிய மரப்பொம்மை போல முகங்கள் வெளிப்படையாகத் தெரியும். திண்ணைத் தூணுக்கு பிளெண்டர் தானாகத் தரும் உருளையில் 32 பக்கங்கள் உண்டு, நமக்கு ஆறு போதும். கணினியின் சுமையைக் குறைப்பதற்காகவே இப்படிச் செய்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய கணினிக்கு ஒரு தெருவின் தூண்கள் பெரிய பாரமே இல்லை. மிச்சமாவது செய்பவரின் நேரம். ஆறு பக்கத் தூணைத் திருத்த ஒரு நிமிடம் ஆகும் என்றால் நுணுக்கமாகச் செதுக்கிய தூணைத் திருத்த அரைநாள் போகும்.

வீடு கட்டுவதற்கு முன் கேமரா எங்கே நிற்கும் என்று முடிவுசெய்துவிட வேண்டும். நம் படத்தில் மூன்று கோணங்கள்தான் என்று வைத்துக்கொள்வோம்: குளக்கரையிலிருந்து ஊரின் தூரக்காட்சி, பாட்டி நடக்கும் தெரு, அவள் உட்காரும் ஒரு திண்ணை. தெருவில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு வீடுகள் போதும். அவற்றுக்குக் கொல்லைப்புறம் தேவையில்லை. தூரக்காட்சியில் தெரியும் மற்ற வீடுகளுக்குக் கதவுகூட வேண்டாம், கூரையும் சுவரும் இருந்தால் சரி. சினிமா செட்டில் முகப்பை மட்டும் எழுப்பும் அதே வித்தைதான்.

அடுத்தது அளவு. மொத்த வேலையும் இதில்தான் நிற்கிறது. எல்லா வீட்டுக்கும் 4 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம் என்று முதலிலேயே ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்கிறோம். சுவர்க்கூடு மூன்று வகை: 2.1, 2.5, 3 மீட்டர் உயரங்களில். கூரை நான்கு வகை: நாட்டு ஓடு, அதைவிடச் சரிவு கூடிய சீமை ஓடு, பனையோலை, கைப்பிடிச் சுவர் வைத்த மொட்டை மாடி. முகப்பு இரண்டு வகை: தூண் வைத்த திண்ணை ஒன்று, வெறும் படிக்கட்டு ஒன்று. அகலமும் ஆழமும் மாறாததால் எந்தக் கூரையும் எந்தக் கூட்டின்மேலும் உட்காரும். மூன்றை நான்கால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் 24 விதமான வீடுகள். செய்ததோ ஒன்பது பொருள்கள்.

இங்கே ஒரு சிறிய விஷயம் பலரை அழவைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஒரிஜின்’ என்று ஒரு பிடிப்புள்ளி உண்டு. நகர்த்துவதும் சுழற்றுவதும் அதை வைத்துத்தான். ஒரு கூரையின் பிடிப்புள்ளி நடுவிலும் இன்னொன்றினுடையது மூலையிலும் இருந்தால், கூரையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அது இடம் தள்ளிப்போய்த் தொங்கும். எல்லாப் பொருளுக்கும் முன்பக்க இடது கீழ்மூலை என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது.

பிரதி எடுப்பதிலும் இரண்டு வழிகள். Shift+D அழுத்தினால் கிடைப்பது தனிப் பிரதி. Alt+D தருவதோ ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும் பிரதி. ஒரு தூணைத் திருத்தினால் தெருவிலுள்ள அத்தனை தூண்களும் திருந்தும். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். சரியாகத்தான் செய்திருக்கிறோமா என்று பார்ப்பது சுலபம்: வடிவத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதை எத்தனை பொருள்கள் பகிர்கின்றன என்ற எண் தெரியும். எண்ணே இல்லையென்றால் தனிப் பிரதியாகிவிட்டது என்று பொருள்.

ஒரே வீடுகள் திரும்பத் திரும்ப வந்தால் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? ஜன்னல் கம்பி ஒன்றாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். வானத்தை வெட்டும் விளிம்பைத்தான் கண் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து வீடுகளின் முகடு ஒரே உயரத்தில் ஓடினால் அது ஊராக இருக்காது, குடியிருப்பு வாரியத்தின் வரிசை வீடாகிவிடும். அதனால் வேறுபாட்டுக்கான உழைப்பையெல்லாம் கூரையில் கொட்டுவது நல்லது. நாட்டு ஓட்டை ஒவ்வொன்றாகச் செய்யத் தேவையில்லை. சாய்ந்த பலகை ஒன்று. அதன் கீழ் விளிம்பில் ஓடுகளின் பல்வரிசை. நடுவில் மேலெழும்பி நிற்கும் நாலைந்து ஓடுகள். மீதியைப் பார்ப்பவர் மனமே வேய்ந்துகொள்ளும். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு முருங்கையையோ மின்கம்பத்தையோ நட்டால் வரிசை இன்னும் உடையும்.

இனி நிறம். சுவருக்குச் சுண்ணாம்புப் புகைப்படம், ஓட்டுக்கு ஓட்டுப் புகைப்படம் என்று ஒட்டினால் இந்தப் பாணியில் அது துருத்திக்கொண்டு நிற்கும். ஊர் முழுவதற்கும் ஒரே ஒரு சின்னப் படம் போதும்: 64 பிக்சலுக்கு 64 பிக்சல். அதை எட்டுக்கு எட்டாகப் பிரித்தால் 64 கட்டங்கள். சுண்ணாம்பு வெள்ளை, காவி, செம்மண், ஓலைப் பழுப்பு என்று கட்டத்துக்கு ஒரு நிறம். ஒவ்வொரு பரப்பும் படத்தின் எந்த இடத்திலிருந்து நிறம் எடுக்கிறது என்பதை யு.வி. வரைபடம் சொல்லும். சுவரின் பரப்புகளையெல்லாம் அதில் ஒரு புள்ளியாகச் சுருக்கி வெள்ளைக் கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டால் சுவர் வெள்ளையாகிவிடும். புள்ளி விளிம்பில் விழுந்தால் பக்கத்துக் கட்டத்தின் நிறம் கசியும். படத்தின் அமைப்பில் Linear என்றிருப்பதை Closest என்று மாற்றினால் கசிவு நிற்கும்.

ஒரு கட்டத்தின் நிறத்தை மாற்றினால் ஊரிலுள்ள எல்லாச் சுவரும் மாறும் என்பது இதன் வசதி. ஒரே வெள்ளை எல்லா வீட்டிலும் பளிச்சென்று தெரியும் என்பது குறை. இதற்கு Object Info என்ற கணுவில் இருக்கும் Random உதவும். பொருளுக்குப் பொருள் வேறு எண்ணைத் தரும் அதை நிறத்தின் வெளிச்சத்தோடு இலேசாகக் கலந்தால், ஒரு வீடு போன பொங்கலுக்கு வெள்ளையடித்தது போலவும் இன்னொன்று பல வருடமாக அடிக்காதது போலவும் தெரியும். சுவர்க்கூடு ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நாலு துண்டாக இருந்தால் ஒரே வீட்டுச் சுவர் நாலு நிறத்தில் ஒட்டுப்போட்டது போலாகும்.

லோ-பாலியில் பாதி ஓவியத்தை வெளிச்சம்தான் வரைகிறது. உச்சிவெயிலில் சுவர்களுக்கிடையே நிழல் பேதம் குறைந்து ஊர் காகித அட்டை போலத் தட்டையாகும். சூரியனைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் தூணின் ஆறு முகங்களும் வேறு வேறு நிழல் வாங்கும். பாட்டி பொழுது சாயும் நேரத்தில் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்!

ஒரே சீராக இல்லாத இடம் எப்போதும் திண்ணைக் காட்சிதான். கேமரா அருகில் வருவதால், விரிசலும் சொம்பும் விளக்குமாடமும் சேர்க்கக் கை துறுதுறுக்கும். மிகுந்தால் அந்த வீடு மட்டும் வேறு படத்திலிருந்து வந்தது போல நிற்கும். நாலைந்து பொருள்களை, தூண் எந்த அளவு முரடோ அதே முரட்டில் செய்து வைப்பது போதும்.

முழுப் படத்தையும் கணினி வரையத் தொடங்குமுன் பாட்டி நடக்கும் காட்சியைச் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பரப்புகள் ஒரே தளத்தில் படிந்திருந்தால், கேமரா நகரும்போது அங்கே பட்டைப் பட்டையாக மினுக்கும். நின்ற படத்தில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். ஒன்றை இரண்டு சென்டிமீட்டர் முன்னே இழுத்தால் சரியாகிவிடும்.

நொடிக்கு 24 படம் என்றால் மூன்று நிமிடத்துக்கு 4,320 படங்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் பிடித்தால் கணினி மூன்று பகல், மூன்று இரவு ஓட வேண்டும்; ஐந்து நொடி என்றால் ஆறு மணி நேரம். பிளெண்டரின் வேகமான வரைவுமுறையான ஈவீ இங்கே கைகொடுக்கும். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’வும் ஈவீயில் வரையப்பட்டதே. வெளியீட்டை வீடியோவாக எடுக்காமல் தனித்தனிப் படங்களாகச் சேமித்தால், 3,000ஆவது படத்தில் மின்சாரம் போனாலும் அந்தப் படத்திலிருந்தே தொடரலாம்.

வேலையை நண்பரின் கணினிக்குக் கொண்டுபோனபின் ஊர் முழுவதும் கண்ணைப் பறிக்கும் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் திறந்தால் பயப்பட வேண்டாம். அந்த 64 பிக்சல் படம் இருக்கும் வழி பிளெண்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். படத்தையும் கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்து, External Data பட்டியலில் பாதையைச் சரிசெய்தால் சுண்ணாம்பும் காவியும் திரும்பிவிடும்.