யாரைக் கேட்பது, ஏன் அவரை?

இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியுமா? தெரிந்தால், தெரியாவிட்டால், சுற்றியிருப்பவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்? 1960-களின் தொடக்கத்தில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் ஆறு மருத்துவமனைகளில் இதை ஆராய்ந்தார்கள். 1965-ல் நூலாக வந்த அந்த ஆய்வு, 'ஏன் இந்த முறை, ஏன் இந்த ஆட்கள்?' என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதற்கு நல்ல பாடம்.

இங்கே வினாத்தாள் உதவாது. "நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால், அதுவரை தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். ஆராய வந்த நிலையே கலைந்துபோகும். பேட்டி மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. நோயாளி, செவிலியர் இருவருக்கும் உண்மை தெரிந்தும் தெரியாததுபோல நடந்துகொள்ளும் வார்டில், அந்த நடிப்பு பேச்சில் வராது, நடத்தையில்தான் தெரியும். அதனால்தான் வார்டிலேயே இருந்து கவனிப்பதும் பேட்டியும் சேர்ந்து தேவைப்பட்டன.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்கலாமே? நூறு பேரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது கேள்வியானால் அதுதான் சரியான வழி. இவர்களுக்கு வேண்டியதோ எண்ணிக்கை அல்ல, வேறுபாடு. எனவே ஒவ்வொரு வார்டையும் ஒரு காரணத்தோடு தேர்ந்தார்கள். முதலில் குறைமாதக் குழந்தைகள் பிரிவு. அங்கே நோயாளி அறிய வழியே இல்லை. அடுத்து, பலர் நினைவிழந்து கிடக்கும் நரம்பு அறுவைப் பிரிவு. பிறகு, மரணம் எதிர்பார்க்கப்பட்டு விரைவாக வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதன்பின், மெதுவாக வரும் புற்றுநோய்ப் பிரிவு. அங்கே ஊழியர்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். கடைசியில், எதிர்பாராமல் சட்டென வரும் அவசரப் பிரிவு. இந்த ஒப்பீடுகளிலிருந்து நான்கு நிலைகள் தெளிந்தன: நோயாளி அறியாதது, சந்தேகிப்பது, இருவரும் அறிந்தும் நடிப்பது, வெளிப்படையாகப் பேசுவது.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த நான்கில் எது எத்தனை சதவீதம் என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது. கைவிட்ட முறை எதைத் தந்திருக்கும் என்பதையும் ஆய்வேட்டில் எழுதுவதே நேர்மை.

எத்தனை பேர் போதும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிரெக் கெஸ்ட்டும் சகாக்களும் கானா, நைஜீரியா நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளை அலசி, முதல் 12 பேட்டிகளுக்குள் புதிய கருத்துகள் வருவது பெரும்பாலும் நின்றுவிட்டதாக 2006-ல் எழுதினார்கள். அன்றிலிருந்து 12 என்பது மந்திர எண்ணாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே வகையினர், கேள்விகளும் ஒரே மாதிரியானவை. விவசாயி, வியாபாரி, அதிகாரி என்று கலந்து பேசுகிற ஆய்வுக்கு அந்த எண் பொருந்தாது.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முறையியல் இயலிலிருந்து உங்கள் ஆய்வுக் கேள்வியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது வேறொருவர் ஆய்வுக்கு அப்படியே பொருந்தினால், நீங்கள் எழுதியிருப்பது பாடநூல் வரையறைதான். காரணத்தை இனிமேல்தான் எழுத வேண்டும்.