லேபிள்ல 0.022, பத்து வருஷம் கழிச்சு எவ்ளோ? மாடிக்கு ஃபோம் போர்டு வாங்கும் முன் ஒரு கணக்கு



என் சித்தப்பா பையன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கான். ரஞ்சன்குடியில், கோட்டைக்குப் பக்கத்தில், அப்பா அம்மாவுக்காக வீட்டுக்கு மேலே ஒரு ரூம் கட்டுறான். பெரம்பலூர் வெயில் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மதியம் கான்கிரீட் மாடியில் வெறும் காலோடு நிற்க முடியாது. அதனால் மாடிக்கு மேலே இன்சுலேஷன் போர்டு போடலாம்னு இரண்டு கொட்டேஷன் வாங்கியிருந்தான்.

முதலாவது ஹை டென்சிட்டி தெர்மாகோல். இரண்டாவது பி.ஐ.ஆர். போர்டு, அதாவது நம்ம ஊரில் 'பஃப்' என்று சொல்லும் பாலியூரித்தேன் ஃபோமின் நெருங்கிய சொந்தக்காரன். இரண்டுமே 50 மில்லிமீட்டர் கனம். அந்த ரூமுக்கு பி.ஐ.ஆர். 4,000 ரூபாய் அதிகம். "அண்ணா, லேபிள்ல 0.022 போட்டிருக்கு, தெர்மாகோல் 0.036 தான். காசு அதிகம்னாலும் இதையே போட்டுடலாமா?"ன்னு கேட்டான்.

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "அந்த 0.022 எந்த வயசு போர்டோட நம்பர்?"

நம்பர் எங்கிருந்து வருது?

0.022 என்பது வெப்பத்தைக் கடத்தும் அளவு. இது குறையக் குறைய நல்லது. ஃபோமுக்குள் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி மூடிய அறைகள் இருக்கும். வெப்பத்தைத் தடுப்பதில் பெரும் பங்கு பிளாஸ்டிக்குக்கு இல்லை, அந்த அறைகளுக்குள் அடைபட்ட வாயுவுக்குத்தான்.

சாதாரணக் காற்றின் கடத்தும் அளவு சுமார் 0.026. பி.ஐ.ஆர். ஃபோமை உப்ப வைக்கப் பயன்படுத்தும் சைக்ளோபென்டேன் மாதிரி வாயுக்களுக்கு அதில் பாதி அளவுதான். அதனால்தான் ஃபேக்டரியில் இருந்து வரும் புது போர்டு காற்றையே தோற்கடிக்குது. இந்தியாவில் முன்பு இதற்கு எச்.சி.எஃப்.சி-141பி பயன்படுத்தினாங்க. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 2020 ஜனவரி 1-லிருந்து அது நிறுத்தப்பட்டது.

பிரச்சினை என்னன்னா, அந்த அறைகளின் சுவர் முழு சீல் கிடையாது. முதலில், ஃபோம் உருவாகும்போது சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு சீக்கிரமே வெளியே போயிடும். அதே சமயம் வெளியே இருக்கும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் மெதுவா உள்ளே வரும். உப்ப வைத்த வாயு மட்டும் பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமா கசியும். சரக்கு காலியாகுதுங்கிறது பாதிக் கதைதான். நல்ல சரக்கோடு காற்று கலப்படம் ஆகுதுங்கிறது மீதிக் கதை.

நம்ம பாஷையில் சொன்னா இது டிப்ரிசியேஷன். அதுவும் ரிட்டன் டவுன் வேல்யூ முறை: முதல் சில வருஷம் வேகமா குறையும், அப்புறம் நிதானமாகும். ஆனா ஜீரோ ஆகாது. 0.022-ல் ஆரம்பித்த போர்டு, வருஷங்கள் கழிச்சு 0.026, 0.027 பக்கம் போய் நிற்கும்.

தெர்மாகோல்? அதோட அறைகளில் ஏற்கனவே காற்றுதான் இருக்கு. தயாரிக்கும்போது போடும் பென்டேன் சில வாரங்களிலேயே போயிடும். இழக்க ஒண்ணும் இல்லாததால், நனையாத வரை பத்து வருஷம் கழிச்சும் 0.036 தான்.

அமெரிக்காவில் லேபிளையே மாத்தினாங்க

இது நானா கற்பனை பண்ணின கவலை இல்லை. வட அமெரிக்காவில் பி.ஐ.ஆர். போர்டுக்குப் புது நம்பரைப் போடாமல், 15 வருஷ சராசரியைப் போடும் வழக்கம் இருக்கு. போர்டை மெல்லிசா சீவி, சீக்கிரம் வயசாக வைத்து அளப்பாங்க. வயசாகும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி கனம்னா நாலு மடங்கு வேகம். 50 மில்லிமீட்டரை 10 மில்லிமீட்டரா சீவினா 25 மடங்கு வேகம்.

சோதனை முறை திருத்தப்பட்ட பிறகு, 2014 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு அங்குல போர்டின் ஆர்-வேல்யூ 6.0-லிருந்து 5.6 ஆனது. ஆர்-வேல்யூ கூடினால் நல்லது. நாலு அங்குல போர்டுக்கு அது 23.6, அதாவது அங்குலத்துக்கு 5.9. கனமான போர்டு மெதுவா வயசாகுதுன்னு லேபிளே சொல்லுது.

இப்போ நம்ம கணக்கு

மாடியின் மேற்பரப்பு 60 டிகிரி, ரூமுக்குள் 30 டிகிரின்னு வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் வழியா உள்ளே இறங்கும் வெப்பம், தோராயமாக:

- வெறும் கான்கிரீட்: 100 வாட்
- 50 மி.மீ. தெர்மாகோல்: 18 வாட்
- புது பி.ஐ.ஆர்.: 12 வாட்
- வயசான பி.ஐ.ஆர். (0.027): 14 வாட்

இதில் இரண்டு விஷயம் கவனிங்க. வெறும் மாடியோடு ஒப்பிட்டா, புது பி.ஐ.ஆர். 88 வாட் தடுத்தது, பழசு 86 தடுக்குது. லேபிள் நம்பர் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மோசமானாலும் உங்க பலன் அப்படியேதான் இருக்கு. ஏற்கனவே போட்டவங்க பயப்பட வேண்டாம்.

ஆனா தெர்மாகோலோடு ஒப்பிட்டா கதை வேற. அந்த 4,000 ரூபாய் வாங்கித் தருவது வித்தியாசத்தை மட்டும்தான். புதுசில் அது 6 வாட், வயசானதும் 4 வாட். எக்ஸ்ட்ரா காசுக்குக் கிடைக்கும் பலனில் மூணில் ஒரு பங்கு காலி.

ரூபாயில் பார்ப்போம். ரூம் 150 சதுர அடி, அதாவது 14 சதுர மீட்டர். ஏசி வருஷத்துக்கு 150 நாள், தினம் 8 மணி நேரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 யூனிட் வெப்பத்தை ஏசி வெளியேற்றும். யூனிட் 7 ரூபாய்.

6 வாட் வித்தியாசம் = வருஷத்துக்கு 29 யூனிட், சுமார் 200 ரூபாய். 4,000 திரும்ப 20 வருஷம். 4 வாட் வித்தியாசம் = 19 யூனிட், சுமார் 135 ரூபாய். திரும்ப 30 வருஷம்.

வெறும் மாடிக்குத் தெர்மாகோல் போட்டாலே வருஷம் சுமார் 2,750 ரூபாய் மிச்சம். ஏசி ஓடும் நேரம் முழுக்க மாடி 60 டிகிரியில் இருக்கும்னு எடுத்ததால், இதெல்லாம் மேல்வரம்பு. நிஜத்தில் இன்னும் குறையும், திரும்ப வரும் காலம் இன்னும் நீளும்.

அப்போ பி.ஐ.ஆர். வேண்டாமா?

இடம் குறைவுன்னா அதுதான் சரி. கதவு உயரம், கைப்பிடிச் சுவர் உயரம் இடிக்குதுன்னா குறைந்த கனத்தில் அதிகம் தடுப்பது அதுதான். ஆனா வாங்கும் முன் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. சாம்பிள் வயசு என்ன, எந்த வெப்பநிலையில் அளந்தது, இந்த இரண்டையும் பாருங்க. 10 டிகிரியில் அளந்த நம்பர் நம்ம மாடியில் வராது. "ஏஜ்டு வேல்யூ" தனியா இல்லைன்னா, 0.027 வைத்துக் கணக்குப் போடுங்க.

இரண்டு பக்கமும் அலுமினிய ஃபாயில் ஒட்டிய போர்டு மெதுவா வயசாகும், ஏன்னா வாயு ஓரத்து வழியா மட்டும்தான் போகணும். சைட்டில் துண்டு துண்டா வெட்டினா அந்த ஓரங்கள் அதிகமாகும். ஃபாயில் கிழிஞ்சா அந்தப் பாதுகாப்பே போச்சு. எந்த போர்டா இருந்தாலும் வாட்டர்ப்ரூஃபிங் சொதப்பி உள்ளே தண்ணி இறங்கினா, இந்த வாயுக் கணக்கைவிடப் பெரிய நஷ்டம் அதுதான்.

தம்பி கடைசியில் தெர்மாகோலே எடுத்தான், 50-க்குப் பதில் 75 மில்லிமீட்டர். அது 18 வாட்டை 13 ஆக்கிடுது. வயசான பி.ஐ.ஆரை விட ஒரு வாட் கம்மி. அவன் வாங்கிய விலையில், மிச்சமான 4,000-லயே இந்த எக்ஸ்ட்ரா கனமும் அடங்கிடுச்சு.