முல்லையில் ஒரு கடிதம்: சங்கப் படிமங்களை வைத்துக் காதல் கடிதம் எழுதுவது எப்படி?

சங்க இலக்கியம் படித்த துணைக்கு, சங்க இலக்கியப் படிமங்களை வைத்துக் காதல் கடிதம் எழுதுவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அகப்பாடலில் பூ, மீன், மாடு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பொருள் ஏறியிருக்கிறது. நாம் அழகுக்கு என்று வைப்பதை, படித்தவர் செய்தியாக வாசிப்பார். நாம் சொல்ல நினைக்காத செய்தியும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு நிஜமான உதாரணத்தை வைத்தே இதை விளக்குகிறேன் (அனுமதி வாங்கியாச்சு, பெயர் மட்டும் வேண்டாம்). நண்பர் ஒருவர் ஐதராபாத்தில் ஒரு ப்ராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி பள்ளியில் தமிழாசிரியை. வீடு மணப்பாறைக்குப் பக்கத்தில், செம்மண் காடு. ஆவணி பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், புரட்டாசி தொடங்கியும் போகவில்லை. முதலில் தினமும் "எப்ப வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். நண்பருக்கு அதுதான் பயம். குறுந்தொகைன்னா அவளுக்கு உயிர், அந்த மாதிரி ஒரு கடிதம் எழுதியிருக்கேன், பாருங்க என்று அனுப்பினார்.

மனைவி பிறந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். அதனால் நண்பர் அந்த ஊரின் வயலையும் குளத்தையும் வர்ணித்திருந்தார். குளக்கரை மாமரத்தில் இருந்து பழம் விழுகிறது, வாளை மீன் அதைக் கவ்வுகிறது. "அந்த மீன் மாதிரி எனக்கும் தானாகக் கிடைத்தவள் நீ" என்று முடித்திருந்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழம் கவ்வும் வாளை குறுந்தொகை 8ஆம் பாட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பேசுவது தலைவி கிடையாது, தலைவனுடைய பரத்தை. மனைவி தன்னைப் பழித்ததாகக் கேள்விப்பட்டு, தலைவனைக் கேலி செய்து அவள் பேசுகிற பாட்டு அது. வயலும் குளமும் மருத நிலம், அதன் உரிப்பொருள் ஊடல். அந்த ஊடலுக்குப் பெரும்பாலும் காரணம் கணவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய் வருவதுதான். இரண்டு மாதமாக வீட்டுக்கு வராத கணவன், குறுந்தொகையை உயிராக நினைக்கும் மனைவிக்கு இந்த மீனை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் விதி: உரிப்பொருளில் இருந்து தொடங்க வேண்டும். தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தின் பூ, விலங்கு, பறவை, உணவு, தொழில் போன்றவை. உரி என்பது அங்கே நடக்கும் மன நிகழ்ச்சி. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். நாம் வழக்கமாகப் பிடித்த காட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குள் நம் உணர்ச்சியைத் திணிக்கிறோம். தலைகீழாகப் போக வேண்டும். உங்கள் இருவருக்கும் இடையில் இப்போது என்ன நடக்கிறது? அதைக் கண்டுபிடித்தால் நிலமும் பொழுதும் பூவும் தாமாகவே முடிவாகிவிடும்.

கல்யாணப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செம்மண்–மழை உவமைக்கும் இது பொருந்தும். அது குறுந்தொகை 40, குறிஞ்சிப் பாட்டு. புணர்ச்சிக்குப் பின், இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுவதைக் கண்டு தலைவன் சொல்வதாகத் துறை வகுத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது சரி. பத்து வருடம் குடும்பம் நடத்திவிட்டு வீட்டுக்கு வராமல் இருப்பவருக்குப் பொருந்தாது.

நண்பரின் நிலைமை என்ன? அவர் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவள் பொறுத்துக் காத்திருக்கிறாள். இது சுத்தமான முல்லை. நிலம் காடும் மேய்ச்சலும், பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். சிறுபொழுது மாலை. பூ முல்லை, மரம் கொன்றை, உணவு வரகும் சாமையும், தொழில் மாடு மேய்த்தல். மணப்பாறை மாட்டுக்குப் பேர்போன ஊர். அவர் வீட்டு வாசலிலேயே முல்லைத்திணை கிடக்க, மனிதர் திருவாரூர் வரை போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்!

இங்கேதான் அடுத்த சிக்கல். முல்லைப் பாட்டுகளில் கார்காலம் ஒரு கெடு. மழைக்கு முன் வருவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போகிறான். மழை வந்துவிடுகிறது, ஆள் வரவில்லை. இது உண்மையான கார் இல்லை, கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சமாதானம் சொல்கிறாள். அவன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை இருக்கும் வரைதான் அது இருத்தல். நம்பிக்கை போய்விட்டால் அவள் நிலை இரங்கல் ஆகிவிடும், திணையே மாறிவிடும். எனவே முல்லையில் கடிதம் எழுதுவது தேதி போட்டு வாக்குக் கொடுப்பதற்குச் சமம். "டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாமல் முல்லைப்பூ என்ற வார்த்தையை எழுதாதீங்க" என்று சொன்னேன். ஐப்பசி பிறந்தால் கூதிர் வந்துவிடும், கார் முடிந்துவிடும். புரட்டாசி கடைசி வெள்ளிக்கு டிக்கெட் போட்டார். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

யார் யாரிடம் பேசுகிறார் என்பது அடுத்த கேள்வி. அகப்பாட்டு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சு. நாம் அதை ஒட்டுக்கேட்கிறோம். பாட்டுக்குள்ளேயும் அந்த ஒட்டுக்கேட்டல் உண்டு. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தே, தோழி தலைவியிடம் பேசுவதுபோல அவனுக்குக் கேட்கும்படி பேசுவாள். சிறைப்புறம் என்பார்கள். முல்லையில் திரும்பி வரும் தலைவன் பெரும்பாலும் தேர்ப்பாகனிடமோ தன் நெஞ்சிடமோ பேசுவான். "நீ அழகு, நீ அன்பு" என்று நேராக எழுதினால் அது சாதாரணக் கடிதம். பாகனிடம் பேசுவதை அவள் ஒட்டுக்கேட்கும்படி எழுதினால், படித்தவருக்கு அங்கேயே புரிந்துவிடும். மணப்பாறை ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் ஆட்டோக்காரரைப் பாகன் ஆக்கினோம். இன்னொன்று, அன்பின் ஐந்திணையில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதனால் அவள் பெயரும் இல்லை, செல்லப்பெயரும் இல்லை.

கடைசியாக உள்ளுறை. கருப்பொருளை வைத்து ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஒவ்வொன்றும் சொல்லாத ஒன்றோடு பொருந்த வேண்டும். 'போல', 'மாதிரி' என்று இணைப்புச் சொல் வரக்கூடாது. கருப்பொருளில் தெய்வத்தை மட்டும் உள்ளுறைக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் விதி இருக்கிறது. முல்லையில் மான் பிரபலம்தான், ஆனால் அவர்கள் வீட்டுப் பக்கம் மானை யாரும் பார்த்ததில்லை, அவள் சிரித்துவிடுவாள். தினமும் பார்க்கும் மாட்டையே எடுத்துக்கொண்டோம். நாங்கள் முடித்த கடிதம் இது:

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க. புரட்டாசி கடைசி வெள்ளி இன்னைக்கு, கார் முடியப் போகுது. அந்தா பாருங்க, எல்லை தாண்டி மேயப் போன செவலைக் காளை, தூறல் மண்ணில் விழுந்த வாசத்துக்குத் தலையைத் தூக்கிவிட்டது. பாதிப் புல் வாயில், மீதிப் புல் காட்டில். அப்படியே திரும்பி நடக்கிறது. தொழுவத்தில் பசு கத்தவில்லை. முதல் நாள் கத்தியது, ஊருக்கே கேட்டது. இப்போது கழுத்து மணிகூட அசையாமல் வாசலைப் பார்த்து நிற்கிறது. கொட்டகை ஓரத்து முல்லை இன்னும் மொட்டுதான் அண்ணே. விளக்கு ஏற்றுகிற நேரத்தில் விரியும். அதற்குள் போய்விட வேண்டும்."

பொருத்திப் பாருங்கள். காளை அவர், எல்லை தாண்டிய புல் ஐதராபாத் வேலை. வாயில் இருக்கும் பாதிப் புல், ப்ராஜெக்ட் முடியவில்லை, இருந்தாலும் வருகிறேன் என்பதைச் சொல்கிறது. முதல் நாள் கத்திவிட்டு இப்போது மணியசைக்காமல் நிற்கும் பசு, அவள் கேட்பதை நிறுத்தியதை அவர் கவனித்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி. கடிதத்தின் உயிரே அந்த வரிதான். "நீ பேசாதது எனக்கு வலிக்கிறது" என்று நேராக எழுதியிருந்தால் அது புகாராகியிருக்கும். முல்லை மொட்டு மாலைப் பொழுதைச் சொல்கிறது, கெடு இன்னும் தாண்டவில்லை என்பதையும் சொல்கிறது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, காட்சியில் இருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தம் குறையவில்லை என்றால் அது வெறும் அலங்காரம், தூக்கிவிடலாம். முதலில் காயாம்பூ ஒன்று இருந்தது, அப்படித்தான் போனது. இரண்டு, உள்ளுறையே தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கும் ஒரு மாலைக் காட்சி தெரிய வேண்டும். விளக்கம் இல்லாமல் காட்சியே புரியவில்லை என்றால் அது விடுகதை ஆகிவிட்டது. விளக்கத்தைக் கடிதத்தின் கீழே எழுதிவிட வேண்டாம். கண்டுபிடிக்கும் வேலை அவருடையது.

மனைவியிடம் இருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "பாகனிடம் சொல்லுங்கள், மணியின் நாவைக் கட்ட வேண்டாம். எனக்குக் கேட்கட்டும்." அகநானூறு 4இல், இணையோடு இருக்கும் வண்டுகள் மணியோசைக்கு அஞ்சிவிடுமே என்று திரும்பி வரும் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுவான். அந்தப் பாட்டை எடுத்து, அவள் திருப்பிப் போட்டுவிட்டாள். நண்பருக்கு இது புரியவில்லை, என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்த முறைக்கு ஒரு எல்லையும் உண்டு. சண்டைக்கு நடுவில் இருப்பவர்கள் மருதத்தை எடுக்க வேண்டாம். அதில் தலைவன் தவறு செய்தவனாகத்தான் வருவான், தலைவியின் வாய்க்கும் பதில் இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் உள்ளுறையை ஓரமாக வைத்துவிட்டு, நேராக மன்னிப்புக் கேட்பதுதான் நல்லது.